செவ்வாயும் வெள்ளியும் மட்டும் லேட்: பேசி எழுதும் குறிப்பா, வார்னிங் லெட்டரா?

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. ஜோலார்பேட்டையிலிருந்து வந்து பதினாறு வருடமாக பெங்களூரில் இருக்கிறேன். பொம்மசந்திரா பக்கம் ஒரு மருந்து மொத்த விற்பனை குடோனில் ஸ்டோர் இன்சார்ஜ். மொத்தம் 38 பேர். எச்.ஆர். என்று தனியாக யாரும் இல்லை. மேனேஜர், அவருக்கு மேல் முதலாளி, அவ்வளவுதான்.

என் கீழே பிக்கிங் பார்க்கும் பெண் ஒருத்தி ஓசூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். சேர்ந்து 14 மாதம். வேலையில் சுத்தம். ஆனால் பிப்ரவரியில் மட்டும் 3, 6, 10, 13, 17, 20, 24 தேதிகளில் 8.30 மணிக்கு வர வேண்டியவள் 15 முதல் 35 நிமிடம் வரை லேட். இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினேன். "சாரிக்கா, இனிமே வராது" என்பாள், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டாள். மேனேஜர் மூன்று நாளுக்கு அரை நாள் சம்பளம் பிடித்துவிட்டார். இப்போது வார்னிங் லெட்டர் கொடு, மூன்று சேர்ந்தால் அனுப்பிவிடலாம் என்கிறார்.

இன்னொருவர் குளிர் அறையைப் பார்த்துக்கொள்பவர். ஒன்பது வருட சர்வீஸ், நானே அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மதியம் 2, மாலை 6, இரவு 10 மணிக்கு டெம்பரேச்சர் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பிப்ரவரி 18 அன்று நாலு மணிக்கு உள்ளே போனேன். ஆறு மணிக் கட்டமும் பத்து மணிக் கட்டமும் ஏற்கனவே நிரம்பியிருந்தன. பத்து மணிக்கு 4.5 டிகிரி என்று இருந்தது. கேட்டதற்கு, "எப்பவும் அதானேம்மா இருக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், டெம்பரேச்சரைத் தானாகப் பதியும் டேட்டா லாகரை இறக்கிப் பார்த்தால் இரவு 8.50 முதல் 10 மணி வரை எல்லையான 8 டிகிரியைத் தாண்டி 11.4 வரை போயிருக்கிறது. உள்ளே இன்சுலின் இருந்தது. மேனேஜரோ, "பெரியவர், நீயே பேசி முடி" என்கிறார்.

பெண்ணிடம் பேசியதை நான் எழுதி வைக்கவில்லை. வாய்மொழி என்றால் எழுதக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அந்தத் தேதிகளைப் போட்டு எழுதி வைத்துவிடலாமா? யாருக்கு எதைக் கொடுப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஆட்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் சரக்கைப் பார்த்துவிடலாம். 18-ம் தேதி இரவு அந்த அறையில் இருந்த இன்சுலின் இன்னும் குடோனில் இருந்தால் இன்றே தனியாக ஒதுக்கி, "வெளியே போகக் கூடாது" என்று அட்டை ஒட்டுங்கள். போய்விட்டது என்றால் எந்த பேட்ச், எந்தக் கடைக்கு என்று பில்லைப் பார்த்துப் பட்டியல் எடுங்கள். 8 டிகிரிக்கு மேல், 11.4 வரை போன அறையில் எழுபது நிமிடம் இருந்த சரக்கை விற்கலாமா என்று சொல்ல வேண்டியவர் அதைத் தயாரித்த கம்பெனிக்காரர். நீங்களோ மேனேஜரோ முடிவு செய்யும் விஷயம் இல்லை இது. லாகர் பதிவை அப்படியே இணைத்துக் கம்பெனிக்கு எழுதச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். யாருக்கு மெமோ, யாருக்கு பேச்சு என்பதெல்லாம் ஒரு நாள் கழித்துக்கூட நடக்கலாம். இது காத்திருக்காது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மேனேஜர் இரண்டு பேருக்கும் மருந்தை மாற்றிக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தேவை பேசி எழுதும் குறிப்பு. பெரியவர் விஷயத்தில் மெமோ, விளக்கம், அதன் பிறகு வார்னிங் என்ற முறையான வழிதான் பொருந்தும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

வாய்மொழி ஆலோசனை என்பதில் "வாய்மொழி" என்ற சொல், விஷயம் நேரில் பேசித் தீர்க்கப்பட்டது என்பதைத்தான் குறிக்கிறது. எழுதக் கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. பேசிய அன்றே, என்ன பேசினோம், அவர் என்ன சொன்னார், இரண்டு பேரும் எதற்கு ஒத்துக்கொண்டோம், மறுபடி எப்போது பார்ப்போம் என்று அரைப் பக்கம் எழுதி வைப்பதுதான் கவுன்சிலிங் நோட். இதை எழுத சூப்பர்வைசரான உங்களுக்கே அதிகாரம் உண்டு. இது தண்டனை இல்லை. இதில் "குற்றம்", "ஒழுங்கீனம்", "எச்சரிக்கை", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற சொற்கள் வரக் கூடாது. யாரையும் குற்றவாளி என்று இது தீர்மானிப்பதில்லை. அதனால் முன்கூட்டியே விளக்கம் கேட்கவும் தேவையில்லை. பேச்சே விளக்கம் கேட்பதுதானே.

வார்னிங் லெட்டர் வேறு வகை. அது நடந்துமுடிந்த ஒன்றைப் பற்றிய தீர்ப்பு. "நீங்கள் இன்ன தேதியில் இன்னதைச் செய்தீர்கள், அது விதிக்கு மாறானது, உங்கள் விளக்கத்தைப் பார்த்தோம், ஏற்க முடியவில்லை" என்று நிர்வாகம் சொல்கிறது. பல கம்பெனிகளின் ஸ்டாண்டிங் ஆர்டர் என்கிற நிலையாணையிலும் சர்வீஸ் விதிகளிலும் இது தண்டனைப் பட்டியலின் முதல் படியாகவே இருக்கிறது. நாளைக்குப் பெரிய தண்டனை ஒன்று வரும்போது, பழைய ரெக்கார்டு என்று முதலில் எடுத்து வைக்கப்படுவதும் இந்தக் காகிதம்தான். அதனால் எதிராளி சொல்வதைக் கேட்காமல் கொடுத்த வார்னிங் லெட்டர், பின்னால் விசாரணை என்று வரும்போது நிற்காது. முதலில் மெமோ கொடுக்க வேண்டும். நம் ஊரில் மெமோ என்றாலே தண்டனை என்று நடுங்குகிறார்கள். மெமோ, அதாவது ஷோகாஸ் நோட்டீஸ், கேள்விதான். பதில் வந்து, அதைப் படித்து, அதன் மேல் முடிவெடுத்த பிறகு வருவதுதான் வார்னிங். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவர். உங்கள் குடோனில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் கையெழுத்திட்டவர் முதலாளி என்றால் அவர்தான், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவர்.

இரண்டையும் கலந்து எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மேலே "ஆலோசனைக் குறிப்பு" என்று தலைப்பு, கடைசி வரியில் "இனி ஒரு முறை நடந்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்" என்று மிரட்டல். தலைப்பு என்னவாக இருந்தாலும் அந்தக் காகிதம் விளக்கம் கேட்காமல் கொடுத்த எச்சரிக்கையாகத்தான் படிக்கப்படும். பேச்சுக்கு உரிய நம்பிக்கை அதோடு போய்விடும், எச்சரிக்கைக்கு உரிய பலமும் அதற்குக் கிடைக்காது.

அந்தப் பெண்ணின் ஏழு தேதிகள்

நீங்கள் எழுதிய தேதிகளைக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். 3, 10, 17, 24 செவ்வாய்க்கிழமை. 6, 13, 20 வெள்ளிக்கிழமை. மற்ற எந்த நாளிலும் அவர் லேட் இல்லை. சோம்பேறித்தனம் இப்படிக் கிழமை பார்த்து வராது. வாரத்தில் அந்த இரண்டு காலையில் மட்டும் ஏதோ ஒன்று அவரைப் பிடித்து நிறுத்துகிறது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் இருக்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அந்த நாளில் வராமல் இருக்கலாம். சொல்லக் கூச்சப்படும் வேறொன்றாகவும் இருக்கலாம். "ஏன் லேட்?" என்று கேட்டால் "சாரிக்கா" என்றுதான் பதில் வரும். "செவ்வாய், வெள்ளி மட்டும் ஏன்மா இப்படி ஆகுது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு சாரி பதில் ஆகாது.

இங்கே பேச்சும் குறிப்பும் பொருந்துவதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. காரணம் இன்னும் தெரியவில்லை. விஷயம் சரிசெய்யக்கூடியது. மறைத்தலோ பொய்யோ இதில் இல்லை. லேட்டாக வந்தவர் வந்த நேரத்தைத்தான் பதிவு செய்திருக்கிறார். காரணம் தெரிந்தால் அந்த இரண்டு நாளில் மட்டும் ஒன்பது மணிக்கு வந்து மாலையில் அரை மணி கூடுதலாக இருக்கும்படி மாற்றிவிட முடியுமா என்று நீங்கள் மேனேஜரிடம் கேட்கலாம். அப்படித் தீர்ந்துபோகக்கூடிய ஒன்றுக்கு வார்னிங் லெட்டர் கொடுத்தால், நல்ல பிக்கர் ஒருவர் சத்தமில்லாமல் வேறு குடோனுக்குப் போய்விடுவார்.

பேசும்போது பில்லிங் கவுண்டர் பக்கத்தில் வேண்டாம். தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். முடிந்த அன்றே இப்படி எழுதுங்கள். அவர் தமிழ் படிப்பவர் என்றால் தமிழிலேயே எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை:

"மார்ச் __, மதியம் 3 மணி, ஸ்டோர் அறையில் பேசினோம். பிப்ரவரி 3, 6, 10, 13, 17, 20, 24 தேதிகளில் 8.30-க்குப் பிறகு வந்தது பற்றி. எல்லாம் செவ்வாய், வெள்ளி என்று காட்டினேன். அவர் சொன்னது: (அவர் வார்த்தையிலேயே). நான் சொன்னது: காலை 9 மணி வண்டிக்கு முதல் பிக்கிங் அவருடையது, அவர் இல்லாதபோது மற்ற இருவர் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒத்துக்கொண்டது: (என்ன மாற்றம், எந்தத் தேதியிலிருந்து). லேட் ஆகும் என்று தெரிந்தால் 8 மணிக்குள் எனக்கு போன் செய்வார். நான்கு வாரம் கழித்து __ தேதி மறுபடி பேசுவோம். இது ஒழுங்கு நடவடிக்கை அல்ல. ஒரு நகல் அவரிடம் கொடுத்தேன்."

கீழே உங்கள் கையெழுத்து, அவர் கையெழுத்து. அவர் பெயருக்கு மேல் "படித்தேன், நகல் பெற்றேன்" என்று மட்டும் இருக்கட்டும். "என் தவறை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் அது ஆலோசனைக் குறிப்பாக இருக்காது, வாக்குமூலம் ஆகிவிடும். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். "படித்துக் காட்டினேன், கையெழுத்திட விரும்பவில்லை" என்று எழுதித் தேதி போடுங்கள், போதும். அவர் சொன்ன காரணம் வீட்டு விஷயமோ உடம்பு விஷயமோ என்றால் "குடும்பக் காரணம்" என்று மட்டும் எழுதலாமா என்று அவரையே கேளுங்கள். அந்தக் காகிதத்தை நாளைக்கு யார் படிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது.

நான்கு வாரத்தில் எட்டு செவ்வாய் வெள்ளி வரும். அந்த எட்டு நாளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். எட்டில் ஒன்று தவறி, போனும் செய்திருந்தால் அதை ஒரு வரி எழுதிவிட்டு விடுங்கள். ஒத்துக்கொண்ட மாற்றமும் கிடைத்து, போனும் செய்யாமல், ஐந்து நாள் லேட் என்றால் நிலைமை மாறிவிட்டது. அப்போது மெமோ கொடுத்து விளக்கம் கேட்பது நியாயம். அந்த மெமோவில் "மார்ச் __ தேதி உங்களுடன் பேசி இன்னது ஒத்துக்கொண்டோம்" என்று குறிப்பிடலாம். குறிப்பின் உண்மையான பயன் அங்கேதான் தெரியும். எதிர்பார்ப்பு என்ன என்று அவருக்குத் தெரியும், வாய்ப்பும் கொடுக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி. வேறு எதற்கும் அது சாட்சி ஆகாது.

அரை நாள் சம்பளம் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வராத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாம், ஆனால் வராத நேரத்தின் அளவுக்கு மட்டும்தான். பழைய ஊதியச் சட்டமும் அதைத்தான் சொன்னது, இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. இருபது நிமிடத்துக்கு அரை நாள் பிடித்தது தவறு. திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதைக் கொடுக்காமல் அதே நாட்களுக்கு வார்னிங்கும் கொடுத்தால், ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை தண்டித்ததாக ஆகும்.

பின்தேதி போட்டு எழுதாதீர்கள்

பிப்ரவரியில் பேசிய இரண்டு பேச்சை இப்போது அந்தத் தேதி போட்டு எழுதலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நீங்கள் பேசியது உண்மையாகவே இருந்தாலும், காகிதத்தில் இருக்கும் தேதி பொய்யாகிவிடும். பொய்த் தேதி ஒன்று வெளிப்பட்டால் மற்ற உண்மைகளையும் அது இழுத்துக்கொண்டு விழும்.

நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்காக ஆஜரான வழக்கு இது. தொழிலாளியை நீக்கியதற்கு ஆதாரமாக ஐந்து வார்னிங் லெட்டர்கள் வைத்தார்கள். முதலாவதன் தேதி 2016. அந்த லெட்டர்ஹெட்டின் அடியில் ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருந்தது. ஜி.எஸ்.டி. வந்ததே 2017 ஜூலையில். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை மட்டும்தான் சுட்டிக் காட்டினார். உண்மையான மற்ற நான்கையும் அதன் பிறகு யாரும் நம்பவில்லை.

அதற்குப் பதில் இன்றைய தேதி போட்ட குறிப்பிலேயே ஒரு வரி சேருங்கள்: "பிப்ரவரியிலும் இரண்டு முறை இது பற்றிப் பேசினேன், அப்போது எழுதவில்லை." அது உண்மை. யார் கேட்டாலும் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

பெரியவர் விஷயம்

ஒன்பது வருடம் வேலை பார்த்தவர், வயதில் மூத்தவர், உங்களுக்கு அண்ணா. அவரை உட்கார வைத்துப் பேசி முடித்துவிடத்தான் மனம் சொல்லும், எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்தது வேறு வகை. பெண்ணின் விஷயத்தில் ஒரு வேலை சரியாக நடக்கவில்லை. இங்கே நடக்காத வேலை நடந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. நாலு மணிக்குப் பத்து மணி டெம்பரேச்சரை யாராலும் பார்த்திருக்க முடியாது. பயிற்சி போதவில்லை, தெரியாமல் நடந்தது என்று சொல்ல அங்கே இடமில்லை. அந்த 4.5 என்ற எண்ணை நம்பித்தான் இன்சுலின் மறுநாள் வெளியே போயிருக்கக்கூடும். பதிவேட்டில் பொய் எழுதுவதற்குக் குறிப்பு எழுதிப் பேசி விட்டுவிட்டால், நாளை இன்னொருவர் அதையே செய்யும்போது உங்கள் நிர்வாகத்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனாலும் நேரே வார்னிங் லெட்டரை நீட்டக் கூடாது. மெமோவில் மூன்று விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும்: பிப்ரவரி 18 அன்று மாலை 4 மணிக்கு ரிஜிஸ்டரில் 6 மணிக்கும் 10 மணிக்கும் உரிய பதிவுகள் இருந்தன, 10 மணிக்கு 4.5 என்று எழுதப்பட்டிருந்தது; லாகர் பதிவின்படி 8.50 முதல் 10 மணி வரை 8 டிகிரிக்கு மேல், அதிகபட்சம் 11.4. இதற்கு விளக்கம் தாருங்கள். லாகர் பதிவின் நகலும் ரிஜிஸ்டர் பக்கத்தின் நகலும் இணைக்க வேண்டும். "நீங்கள் பொய் எழுதியதற்காக" என்று தொடங்கினால், முடிவை எடுத்துவிட்டுக் கேள்வி கேட்பதாகிவிடும். பதிலுக்கு மூன்று நாளாவது வேண்டும், ஏழு நாள் கொடுத்தால் நல்லது. அவர் வாசிக்கும் மொழியில் கொடுங்கள். வாங்க மறுத்தால் இரண்டு பேர் முன்னிலையில் அதை எழுதிவிட்டு, வீட்டு விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம்.

விளக்கம் வந்த பிறகு அதை உண்மையாகவே படிக்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது, ஆறு மணிக்கு அவர் எங்கே இருந்தார் என்பது. மாலை ஆறுக்கு டெலிவரி வண்டியில் ஏற்றும் வேலைக்கும் அவரையே போட்டிருக்கிறார்களா? அறைக்கு அவர் ஒருவர்தானா? மற்ற ஷிப்டிலும் இப்படித்தான் எழுதுகிறார்களா? பழைய மாதங்களின் ரிஜிஸ்டரை லாகரோடு வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எல்லா ஷிப்டும் ஒரே போல 4.5, 4.5 என்று போனால், அது ஒருவர் தவறு இல்லை. அப்போது அவரை மட்டும் எச்சரிப்பது சரியாக இருக்காது. மெமோ கொடுத்ததால் வார்னிங் கொடுத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. விளக்கம் நியாயமாக இருந்தால் "விளக்கம் ஏற்கப்பட்டது" என்று எழுதி முடிக்கலாம்.

விளக்கம் ஏற்கும்படி இல்லை என்றால் வார்னிங் லெட்டரில் மெமோவின் தேதி, விளக்கத்தின் தேதி, எதை ஏன் ஏற்கவில்லை, எந்த விதி அல்லது எழுத்து மூலமான எந்த உத்தரவு மீறப்பட்டது, இனி என்ன எதிர்பார்க்கிறோம், இந்த எச்சரிக்கை எத்தனை மாதம் கணக்கில் இருக்கும் என்பதெல்லாம் வர வேண்டும். கால அளவு போடாத எச்சரிக்கை பத்து வருடம் கழித்தும் ஒருவர் தலை மேல் தொங்கும். பன்னிரண்டு மாதம் என்று போடுவது நியாயமாக எனக்குப் படுகிறது.

முதலாளி ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வார்னிங் கொடுத்துவிட்டால் அந்தச் சம்பவம் அதோடு முடிந்தது. பத்து நாள் கழித்துக் கம்பெனிக்காரர் சரக்கு வீண் என்று சொன்னார் என்பதற்காக அதே சம்பவத்துக்கு மறுபடி விசாரணை வைத்து வேலையை விட்டு நீக்க முடியாது. அதனால் சரக்கு பற்றிய பதில் வரும் வரை இறுதி உத்தரவு போடாமல் இருப்பது நல்லது. மெமோ கொடுக்க மட்டும் தாமதம் வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், ஒன்பது வருடத்தில் முதல் தவறு என்றால் எழுத்து மூலமான எச்சரிக்கைதான் அளவான தண்டனை. வேலை நீக்கம் என்று போனால், தண்டனை அதிகம் என்று கருதிக் குறைக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் 11-ஏ பிரிவு தந்த அதிகாரம், புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

மூன்று வார்னிங் சேர்ந்தால் அனுப்பலாமா

உங்கள் மேனேஜர் சொன்ன இந்தக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் நிலையாணை கட்டாயம் என்பது 300 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்துக்குத்தான். 38 பேர் உள்ள உங்கள் குடோனுக்கு அது வராது. அதற்காக இஷ்டப்படி அனுப்பலாம் என்று ஆகாது. கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம், 1961-ன் 39-வது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் இல்லாமலும் நீக்கக் கூடாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டும் என்றால், விசாரணை வைத்து, சாட்சியம் பதிவு செய்து, அது போதுமானதாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. மூன்று காகிதங்களைக் காட்டி அவரை மறுநாள் வர வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பழைய எச்சரிக்கைகளைத் தண்டனைக்குக் காரணமாக எடுப்பதானால், எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிப் பதில் கேட்க வேண்டும். மைசூர் அரசு எதிர் மஞ்சே கௌடா வழக்கில் அறுபதுகளிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அது அரசு ஊழியர் வழக்கு. ஆனாலும் தனியார் நிறுவனங்களின் விசாரணைக் கோப்புகளைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். ஆலோசனைக் குறிப்பையோ அந்த எண்ணிக்கையில் சேர்க்கவே முடியாது. "இது ஒழுங்கு நடவடிக்கை அல்ல" என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் அதை முதல் வார்னிங் என்று எண்ணுவது கொடுத்த வாக்கை மீறுவது.

உங்கள் பங்கு

இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். குளிர் அறை ரிஜிஸ்டரில் "பரிசோதித்தவர்" என்ற கட்டம் பெரும்பாலான குடோன்களில் உண்டு. உங்களுடையதில் இருந்தால் அதில் இருப்பது உங்கள் கையெழுத்தாகத்தான் இருக்கும். 18-ம் தேதி நாலு மணிக்குப் பார்த்தும் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டீர்கள். நீங்கள் இதில் சாட்சி. அதனால் மெமோவை நீங்கள் எழுதக் கூடாது, விளக்கத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவும் கூடாது. "நீயே பேசி முடி" என்று மேனேஜர் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பதை அந்தக் காரணத்தைச் சொல்லியே மறுக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு பக்கக் கடிதம், முதலாளிக்கு, இன்றைய தேதியில். எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எந்தக் கட்டங்கள் நிரம்பியிருந்தன, அவர் என்ன சொன்னார், நீங்கள் அப்போது அவரைத் திருத்தவும் மேலே சொல்லவும் தவறினீர்கள், மறுநாள் லாகரை எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், மேனேஜரிடம் என்று சொன்னீர்கள். அவ்வளவுதான். அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ அதில் வேண்டாம். ரிஜிஸ்டரின் அந்தப் பக்கத்தை யாரும் திருத்துவதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாகரிலிருந்து இறக்கிய அசல் ஃபைலையும் பெயர் மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலாளி உங்களுக்கே ஒரு மெமோ கொடுக்கலாம். கொடுத்தால் பயப்படாமல், நடந்ததை நடந்தபடி எழுதிப் பதில் கொடுங்கள்.